கொழும்புப் பங்குச் சந்தையில் வர்த்தகம் இடைநிறுத்தப்படும்போது: காரணமும் முதலீட்டாளர் செய்ய வேண்டியதும்

கேள்வி: "பங்கு வாங்கி விற்பதற்காகப் போன வருடம்தான் சி.டி.எஸ். கணக்குத் திறந்தேன். சுட்டெண் 5 சதவீதம் விழுந்தால் சந்தையை அரை மணித்தியாலம் நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள். விற்க நினைக்கிறவனை விற்க விடாமல் தடுப்பது என்ன நியாயம்? அந்த நேரத்தில் என்னைப் போன்ற சிறு முதலீட்டாளர் என்ன செய்ய வேண்டும்? பங்குகளை ஈடாக வைத்து வாங்கிய மார்ஜின் கடனும் எனக்குக் கொஞ்சம் இருக்கிறது."

பதில்:

எந்தச் சுட்டெண் விழுந்தால் நிறுத்துகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம், ஏனெனில் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. செய்திகளிலும் கைபேசித் திரையிலும் நாம் வழக்கமாகப் பார்ப்பது அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணான ASPI. கொழும்பில் சந்தை முழுவதையும் நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கரோ S&P SL20 என்ற மற்றைய சுட்டெண்ணைப் பார்த்தே இயங்குகிறது. அது பெரியனவும் கூடுதலாகக் கைமாறுவனவுமான 20 நிறுவனங்களின் பங்குகளைக் கொண்டது. முதல் நாள் முடிவில் அது நின்ற இடத்திலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் வர்த்தகம் 30 நிமிடங்களுக்கு இடைநிறுத்தப்படும். வீழ்ச்சி 10 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைய தினத்துக்குச் சந்தை மூடப்படும். ஆகவே ASPI 5 சதவீதம் விழுந்தும் வர்த்தகம் தொடர்வதைக் கண்டால், அது விதி மீறல் அல்ல.

இரண்டு எல்லைகளும் ஒரே புள்ளியிலிருந்துதான் அளக்கப்படுகின்றன என்பதையும் மனதில் வைத்திருங்கள். உதாரணத்துக்கு, S&P SL20 நேற்று 4,000 புள்ளிகளில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று அது 3,800 க்குக் கீழே போனதும் முதல் நிறுத்தம் வரும். அரை மணித்தியாலத்தின் பின் சந்தை மீண்டும் திறக்கும்போது கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. அடுத்த எல்லை அதே 4,000 இலிருந்து 10 சதவீதம், அதாவது 3,600. முதல் நிறுத்தம் முடிந்து திறக்கும் வேளையில் அன்றைய தினம் முழுவதுமாக மூடப்படுவதற்கு இன்னும் 200 புள்ளிகளே மிச்சம் இருக்கின்றன. இந்த 200 புள்ளிகளைப் பற்றிய அச்சமே சில நாட்களில் சந்தையை மேலும் கீழே தள்ளுகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். விற்பவரைத் தடுப்பதுதான் நோக்கம் என்று பார்த்தால் இந்த விதி அநியாயமாகத்தான் தோன்றும். வீழ்ச்சி நாளொன்றில் ஒரு பங்கின் ஓடர் பட்டியலை அருகில் வைத்துப் பார்த்தால் விடயம் வேறாகத் தெரியும். நேற்று 50.00 ரூபாயில் முடிந்த பங்கு ஒன்று இன்று காலை 47.50 க்கு இறங்கியிருக்கிறது. வாங்குபவர் பக்கத்தில் 47.50 ரூபாய்க்கு 2,000 பங்குகள், 47.00 க்கு 1,500, 45.80 க்கு 3,000, 44.00 க்கு 5,000 என்று ஓடர்கள் நிற்கின்றன. சாதாரண நாளில் 47.50 க்கும் 47.00 க்கும் இடையில் பல ஆயிரம் பங்குகளைக் கேட்டு நின்றவர்கள், இன்று என்ன நடக்கிறது என்று தெரியாமல் தங்கள் ஓடர்களைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இந்த நிலையில் ஒருவர் பதற்றத்தில் 8,000 பங்குகளை மார்க்கெட் ஓடராக, அதாவது விலை எதுவானாலும் விற்கும்படி, போடுகிறார்.

அந்த ஓடர் முதலில் 47.50 இல் 2,000, அடுத்து 47.00 இல் 1,500, பிறகு 45.80 இல் 3,000 பங்குகளை முடித்துவிட்டு, மிகுதி 1,500 பங்குகளை 44.00 ரூபாய்க்கு விற்கிறது. கையில் வருவது 368,900 ரூபாய். சராசரி விலை ஏறத்தாழ 46.11. ஓடரைப் போடும்போது திரையில் 47.50 ஐப் பார்த்தவர் 380,000 ரூபாயை மனதில் வைத்திருந்திருப்பார். 11,100 ரூபாய் சில விநாடிகளில் போய்விட்டது. ஆனால் அதைவிட முக்கியமான விளைவு வேறு. அந்தப் பங்கின் கடைசி வர்த்தக விலை இப்போது 44.00 ஆகிவிட்டது, முதல் நாள் முடிவோடு ஒப்பிட்டால் 12 சதவீத வீழ்ச்சி. சுட்டெண் இந்த விலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதைத் திரையில் பார்க்கும் இன்னொருவர், நிறுவனத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தன் பங்குகளையும் அதே முறையில் விற்கிறார். நிறுவனத்தில் காலையிலிருந்து எதுவுமே மாறாதிருக்கலாம். வாங்குபவர்கள் விலகி நின்ற சில நிமிடங்களே இந்த 12 சதவீதத்தை உண்டாக்கியிருக்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நிறுத்தம். விலை விழும்போது வாங்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்: ஓய்வூதிய நிதியங்கள், காப்புறுதி நிறுவனங்கள், யூனிட் டிரஸ்ட்கள், கையில் பணம் வைத்திருக்கும் தனியார். இவர்களில் எவரும் விநாடிக்குள் முடிவெடுப்பதில்லை. நிதியமொன்றில் பொறுப்பாளர் அனுமதி பெற வேண்டும். தனி முதலீட்டாளர் அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கலாம். தரகர் தன் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். விற்பவரின் பயம் விநாடிக் கணக்கில் ஓட, வாங்குபவரின் நிதானம் மணிக் கணக்கில் நடக்கிறது. 30 நிமிட நிறுத்தம் இரண்டையும் ஓரளவுக்காவது அருகே கொண்டுவருகிறது. தினமும் காலை 9 மணிக்கும் 9.30 க்கும் இடையில் ஓடர்களைச் சேர்த்து வைத்து, 9.30 க்கு ஒரே விலையில் பொருத்துகிறார்கள் அல்லவா? அதன் பின்னாலுள்ள சிந்தனையும் இதுதான். சிதறி வரும் ஓடர்கள் ஒன்றுசேர்ந்தால் விலை நியாயமாக அமையும். இந்தியாவில் சந்தை தழுவிய நிறுத்தத்தின் பின் இத்தகைய முன்திறப்பு அமர்வு ஒன்றை நடத்தியே வர்த்தகத்தைத் தொடர்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1987 இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஒக்டோபர் 19 ஆம் திகதி அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. விற்பனை ஓடர்கள் குவிந்த வேகத்தில், எந்த விலையில் எது விற்கப்பட்டது என்பதே பலருக்கு நேரத்துக்குத் தெரியவில்லை. அதன் பின்னரே அங்கு சர்க்யூட் பிரேக்கர்கள் வந்தன. இன்று அங்கே எஸ் அண்ட் பி 500 சுட்டெண் 7, 13, 20 சதவீதங்கள் விழும்போது அவை இயங்குகின்றன. இந்தியாவில் 10, 15, 20 சதவீத எல்லைகள். அங்கே சுட்டெண் அந்த அளவுக்கு ஏறினாலும் நிறுத்துவார்கள். கொழும்பின் 5 சதவீத எல்லை இவற்றைவிட நெருக்கமானது. நம் சந்தை சிறியது, மேலே காட்டிய ஓடர் பட்டியலைப் போல ஆழம் குறைந்தது என்பதை நினைத்தால் அதில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் நெருக்கமான எல்லைகளுக்கு ஒரு விலை உண்டு. அதைச் சீனா 2016 இல் கொடுத்தது. அந்த ஆண்டு ஜனவரி மாதம் அங்கே புதிய விதி நடைமுறைக்கு வந்தது: சிஎஸ்ஐ 300 சுட்டெண் 5 சதவீதம் மாறினால் 15 நிமிட நிறுத்தம், 7 சதவீதம் மாறினால் அன்றைய தினம் மூடல். முதல் வர்த்தக நாளான ஜனவரி 4 ஆம் திகதியே சந்தை மூடப்பட்டது. ஜனவரி 7 ஆம் திகதி சந்தை திறந்த அரை மணித்தியாலத்துக்குள், 15 நிமிட நிறுத்தத்தையும் சேர்த்தே, அன்றைய வர்த்தகம் முடிந்துவிட்டது. 5 சதவீத நிறுத்தம் முடிந்து திறந்ததும், 7 சதவீதத்தில் கதவு மூடப்பட முன் வெளியேறிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அந்த ஓட்டமே சந்தையை 7 சதவீதத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எல்லையை நெருங்க நெருங்க அது விலையைத் தன் பக்கம் இழுக்கும் இந்த இயல்பைச் சந்தை ஆய்வாளர்கள் காந்த விளைவு என்பார்கள். மறுநாளே அந்த விதி கைவிடப்பட்டது. கொழும்பில் முதல் நிறுத்தத்துக்கும் நாள் மூடலுக்கும் இடையில் 5 சதவீத இடைவெளி இருப்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆயினும் நான் முன்னே சொன்ன 200 புள்ளிகளைப் பற்றிய அச்சம் இங்கும் வேலை செய்யும். நிறுத்தம் முடிந்து திறக்கும் முதல் சில நிமிடங்களில் நீங்கள் காணும் விலைகளில் இந்த அவசரமும் கலந்திருக்கும்.

நிறுத்தத்தால் முடியாதது ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையான கெட்ட செய்தியை அது நல்லதாக்காது. பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச் 20 முதல் மூடிக்கிடந்த கொழும்புச் சந்தை மே மாதம் திறந்தபோது, வாரக் கணக்கில் தேங்கியிருந்த விற்பனை ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. சர்க்யூட் பிரேக்கர் இயங்க வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் நடந்ததோ இன்னும் தெளிவான பாடம். அந்த மாதம் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு விடுமுறை முடிந்து திறக்க வேண்டிய சந்தையை, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு 18 முதல் 22 வரை ஐந்து நாட்களுக்கு மூடிவைத்தது. நாட்டின் நிலைமையைப் பற்றி முதலீட்டாளர்கள் தெளிவு பெற அவகாசம் தேவை என்பதே சொல்லப்பட்ட காரணம். 25 ஆம் திகதி சந்தை திறந்தபோது நிறுத்தமும் வந்தது, நாள் மூடலும் வந்தது. ASPI அன்று 12 சதவீதத்துக்கும் மேல் இழந்தது.

இந்த இரண்டு வகை நிறுத்தங்களையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட, எல்லோருக்கும் ஒரே அளவில் தெரிந்த 5 சதவீத விதி ஒரு பாதுகாப்பு. அதை அறிந்துதான் நாம் பணத்தைப் போடுகிறோம். நாட்கணக்கில் நீளும் மூடல் அப்படியல்ல. அவசரச் செலவுக்கு விற்க இருந்தவர் விற்க முடியாது, கடன் வாங்கி முதலிட்டவருக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், மூடிய ஒவ்வொரு நாளும் விற்க விரும்புபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும். விற்க விடாமல் தடுக்கிறார்கள் என்ற உங்கள் ஆதங்கம் இந்த இரண்டாவது வகைக்கு முழுமையாகப் பொருந்துகிறது, அரை மணித்தியால நிறுத்தத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மூன்றாவதாக, சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தனி நிறுவனத்தின் பங்கு மட்டும் நிறுத்தப்படுவதும் உண்டு. விலையைப் பாதிக்கக்கூடிய பெரிய அறிவிப்பு ஒன்று வரவிருந்தால், எல்லோரும் அதைப் படிக்கும் வரைக்கும் நிறுத்துவார்கள். அது குறுகியது, அஞ்ச வேண்டியதில்லை, பரிவர்த்தனை நிலையத்தின் இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து படித்தால் போதும். நிதிக் கூற்றுகளை உரிய காலத்தில் சமர்ப்பிக்காதது போன்ற குறைபாடுகளுக்காக வர்த்தகத்தை இடைநிறுத்துவது வேறு விடயம். அது மாதங்களுக்கும் நீளலாம். அந்தப் பங்கில் உள்ள பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். இந்த வகை இடைநிறுத்தம் திடீரென்று வருவது அரிது. காலாண்டுக் கணக்குகள் பிந்துவதும், கணக்காய்வாளர் தன் அறிக்கையில் ஐயம் எழுப்புவதும், நிறுவனம் கண்காணிப்புப் பட்டியலுக்கு மாற்றப்படுவதும் அதற்கு முன்னரே நடந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அவை தெரியும்.

இனி, சந்தை தழுவிய நிறுத்தம் வந்த அந்த அரை மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவை. திரையில் எல்லா நிறுத்தங்களும் ஒரே மாதிரித்தான் தெரியும். நீங்கள் அறிய வேண்டியது அதற்குப் பின்னாலுள்ள காரணத்தின் தன்மை. 2025 ஏப்ரல் 7 ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி அறிவித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன; உலகச் சந்தைகள் எல்லாம் சரிந்துகொண்டிருந்தன; கொழும்பிலும் S&P SL20 5 சதவீதத்துக்கு மேல் விழ, 30 நிமிடங்கள் வர்த்தகம் நின்றது. அதை 2022 உடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 இல் வட்டி வீதம் 7 புள்ளிகள் ஏறியது என்பது, வங்கிக் கடன் வைத்திருந்த ஒவ்வொரு நிறுவனத்தின் இலாபத்தையும் நேரடியாக வெட்டியது. நிலையான வைப்பில் கிடைக்கும் வருமானம் உயர்ந்ததால், பங்குகளுக்கு மக்கள் கொடுக்க விரும்பும் விலையும் இறங்கத்தான் வேண்டும். வீழ்ச்சிக்கு அங்கே கணக்கு இருந்தது. 2025 இல் வரியின் நேரடித் தாக்கம் ஆடை போன்ற ஏற்றுமதித் துறைகளுக்கு; உள்ளூரில் வைத்தியசாலை நடத்தும் நிறுவனத்துக்கோ பாவனைப் பொருள் விற்கும் நிறுவனத்துக்கோ அது சுற்றிவளைத்துத்தான் வரும். ஆனாலும் அன்று எல்லாப் பங்குகளும் சேர்ந்தே விழுந்தன. ஏப்ரல் 9 ஆம் திகதி அமெரிக்கா அந்த வரியை 90 நாட்களுக்கு ஒத்திவைத்ததும் விலைகள் மீண்டும் ஏறின. ஒத்திவைப்பு வரும் என்று 7 ஆம் திகதி எவருக்கும் தெரியாது என்பது உண்மை. ஆனால் தன் கையிலுள்ள நிறுவனத்தின் வருமானம் அமெரிக்க வாங்குநரிடமிருந்து வருகிறதா இல்லையா என்பது அன்றே தெரிந்துகொள்ளக்கூடியது. ஆண்டறிக்கையில் அது எழுதப்பட்டிருக்கும்.

எனவே நிறுத்த வேளையில் உங்கள் ஒவ்வொரு பங்குக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்று வந்த செய்தி இந்த நிறுவனத்தின் விற்பனையை, செலவை, அல்லது கடன் வட்டியை மாற்றுகிறதா? மாற்றுகிறது என்றால், விற்பதற்கு நிறுத்தம் தடையல்ல; சந்தை திறந்ததும் நிதானமான விலை வைத்து விற்கலாம். மாற்றவில்லை என்றால், மற்றவர்கள் விற்கிறார்கள் என்பது மட்டும் நீங்கள் விற்பதற்குப் போதிய காரணமாகாது.

இப்போது விற்றுவிட்டுக் கீழே போனதும் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். கொழும்பில் 100 மில்லியன் ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்குத் தரகுக் கட்டணமும் ஏனைய அறவீடுகளும் சேர்ந்து 1.12 சதவீதம் வரும். விற்கவும் திரும்ப வாங்கவும் என்று பார்த்தால் 2.24 சதவீதம். விலை அதைவிடக் கூடுதலாக இறங்கி, அந்தக் கீழ் விலையில் உங்களுக்குத் தேவையான அளவு பங்குகளும் கிடைத்தால்தான் உங்களுக்கு ஒரு ரூபாயாவது மிஞ்சும். மெல்லிய ஓடர் பட்டியலில் இரண்டும் ஒருங்கே நடப்பது கடினம்.

விற்பதென்றே முடிவெடுத்தாலும் மார்க்கெட் ஓடர் போடாதீர்கள். 8,000 பங்குகளின் கதையை மேலே பார்த்தோம். அவரே 46.80 ரூபாய்க்குக் கீழே விற்க வேண்டாம் என்று லிமிட் ஓடர் வைத்திருந்தால், முதல் 3,500 பங்குகள் 47.50 க்கும் 47.00 க்கும் போயிருக்கும். மிகுதி 4,500 பங்குகள் 46.80 இல் வாங்குபவருக்காகக் காத்திருக்கும். அவை விற்கப்படாமலே போகலாம் என்பது இதன் குறை. அந்தக் குறையை அறிந்தே ஏற்றுக்கொள்கிறீர்கள், எந்த விலையில் விற்றோம் என்று பிறகு திகைக்க வேண்டியதில்லை. வாங்க நினைப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்: நிறுத்தம் முடிந்து திறந்த உடனே பாயாமல், வாங்குபவர் பக்கத்தில் ஓடர்களின் அளவு கூடுகிறதா, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான தூரம் குறைகிறதா என்று சற்றுப் பார்த்துவிட்டு இறங்கலாம். ஏற்கனவே நீங்கள் போட்டு வைத்திருக்கும் ஓடர்களையும் மறந்துவிடாதீர்கள். போன கிழமை 46.00 ரூபாய்க்கு மலிவு என்று நினைத்து வைத்த வாங்கும் ஓடர் இன்று செல்லுபடியாக நின்றுகொண்டிருக்கலாம். நிறுத்த வேளையில் நிலுவை ஓடர்களைத் திருத்தவோ நீக்கவோ முடியுமா, எப்படிச் செய்வது என்பதை உங்கள் தரகரிடம் ஓர் அமைதியான நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீழ்ச்சி நாளில் தரகர் அலுவலகத்துத் தொலைபேசி கிடைக்காது.

கடைசியாக, உங்கள் மார்ஜின் கடன். நான் இவ்வளவு நேரம் சொன்ன நிதானமெல்லாம், விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும்போதுதான் செல்லும். கடன் வரம்பை மீறினால் அந்த முடிவு தரகரின் கைக்குப் போய்விடுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். உங்கள் பங்குத் தொகுதியின் பெறுமதி 20 இலட்சம் ரூபாய், கடன் 9 இலட்சம் ரூபாய், கடன் பெறுமதியில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உடன்படிக்கை என்று வைத்துக்கொள்வோம். இன்று நீங்கள் 45 சதவீதத்தில் இருக்கிறீர்கள், பாதுகாப்பாகத்தான் தோன்றும். சந்தை மூடப்படும் நாளொன்றில் உங்கள் பங்குகளும் சரியாக 10 சதவீதம் விழுந்தால் பெறுமதி 18 இலட்சம், விகிதம் 50 சதவீதம். ஒரே நாளில் விளிம்புக்கு வந்துவிட்டீர்கள், சந்தையும் மூடியாயிற்று. அடுத்த நாள் இன்னும் 8 சதவீதம் இறங்கினால் பெறுமதி 16.56 இலட்சம், விகிதம் 54 சதவீதத்துக்கு மேல். இப்போது மார்ஜின் கோல், அதாவது விகிதத்தைச் சரிசெய்யச் சொல்லும் தரகரின் அறிவிப்பு, வரும்.

அந்த நேரத்தில் உங்களிடம் பணம் இருந்தால், 72,000 ரூபாய் கட்டினால் கடன் 8.28 இலட்சமாகி விகிதம் மீண்டும் 50 சதவீதத்துக்கு வரும். பணம் இல்லாமல் பங்குகளை விற்றே சரிசெய்ய வேண்டும் என்றால், விற்க விற்கப் பெறுமதியும் குறைவதால், 144,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். கட்டணங்களைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூட. அதாவது பணமாகக் கட்ட வேண்டியதன் இரு மடங்கு, அதுவும் மிக மோசமான விலையில். இப்படிக் கட்டாயமாக விற்கப்படும் பங்குகளே வீழ்ச்சி நாட்களில் ஓடர் பட்டியலின் விற்பனைப் பக்கத்தை நிரப்புகின்றன. நிறுத்தம் வரும் நாட்களில் கடனாளிகளின் விற்பனை பெரும் பங்கு வகிப்பதன் காரணம் இதுதான். பங்கு விற்றால் பணம் இரண்டு வர்த்தக நாட்களின் பின்னரே தீர்க்கப்படும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உங்கள் நிலை என்ன என்பதை அறிய ஒரே ஒரு வகுத்தல் போதும். கடன் தொகையை அனுமதிக்கப்பட்ட விகிதத்தால் வகுத்தால், உங்கள் பங்குகளின் பெறுமதி எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்பது வரும். மேலே உள்ள உதாரணத்தில் 9 இலட்சத்தை 0.5 ஆல் வகுக்க 18 இலட்சம். 20 இலட்சத்திலிருந்து 10 சதவீதத் தூரம்தான். கடன் 5 இலட்சமாக இருந்திருந்தால் எல்லை 10 இலட்சம். பங்குகள் பாதியாக விழுந்தால்தான் அங்கே போய்ச் சேருவீர்கள். சிறிய நிறுவனங்களின் பங்குகள் கூடுதலாக உள்ள தொகுதி என்றால், அது சுட்டெண்ணைவிட வேகமாக விழும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். உடன்படிக்கையை எடுத்து உங்கள் விகிதம் எது, மார்ஜின் கோல் வந்தபின் பணம் கட்ட எத்தனை நாள் அவகாசம், அறிவிக்காமலே விற்கும் உரிமை தரகருக்கு இருக்கிறதா என்ற மூன்றையும் படியுங்கள். தெளிவாக இல்லையென்றால் தரகரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதிலைப் பெறுங்கள். எல்லைக்கும் இன்றைய பெறுமதிக்கும் இடையிலான தூரம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால், சந்தை அமைதியாக இருக்கும் இந்த நாட்களிலேயே கடனில் ஒரு பகுதியைக் கட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.